செக் போட்டோவை நம்பி 38,400 ரூபாய் போச்சு. புதுசா அக்கவுண்ட் தொடங்கினவங்க படிங்க

இன்னைக்குக் காலையில்தான் பேங்கில் இருந்து வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கலை.

நாங்க கேரள பார்டரில் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் எப்பவும் ரொக்க வியாபாரம்தான். என் பேரில் அக்கவுண்ட் தொடங்கியதே இந்த ஏப்ரலில்தான். விவசாயச் சரக்கு வாங்கி விற்கிற ஒரு ஆப்பில் தேங்காய் போட்டேன். பார்டருக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருத்தர் கூப்பிட்டார். உரிச்ச காய் 1,600, காய்க்கு 24 ரூபாய். மொத்தம் 38,400.

ஜூன் 3-ஆம் தேதி டெம்போ களத்துக்கு வந்திருச்சு, பணம் வரலை. போன் போட்டா, "தம்பி, செக் எழுதிட்டேன், பாருங்க"ன்னு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. செக்கைக் கட்டைவிரலால் பிடிச்சு எடுத்த போட்டோ. இடது மூலையில் சாய்வா ரெண்டு கோடு, நடுவில் 'அக்கவுண்ட் பேயீ'ன்னு எழுத்து. "கோடு போட்டிருக்கேன் பாருங்க, இனி வேற யாரும் எடுக்க முடியாது, உங்க அக்கவுண்டுக்குத்தான் வரும். நாளைக்கு நேரில் தர்றேன்"னார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். பேங்கே பாஸ் பண்ணிட்ட மாதிரி தெரிஞ்சது. அப்பாவும் எட்டிப் பார்த்துட்டு, "செக் ஆறு மாசம் செல்லும்டா, பயமில்லை"ன்னார். டெம்போ போயிருச்சு.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல! நாளைக்குன்னார். நாளைக்கு மறுநாள்னார். டிரைவர்கிட்ட கொடுத்துட்டேன்னார், டிரைவர் இல்லைன்னான். ஆப்காரங்களோ "பணப் பரிமாற்றம் உங்க ரெண்டு பேருக்குள்ள"ன்னு ஒரே வரியில் முடிச்சுட்டாங்க. கடைசியா ஜூன் 24-ஆம் தேதி கூரியரில் செக் வந்தது. நானும் சந்தோஷமா பேங்குக்கு ஓடினேன்.

கவுண்டர் மேடம் செக்கைப் பார்த்ததும் தேதிக் கட்டத்தில் விரலை வெச்சாங்க. மார்ச் 10. போட்டோவில் அவர் கட்டைவிரல் மறைச்சிருந்தது சரியா அந்த மாசக் கட்டத்தைத்தான்! எழுதின தேதியில் இருந்து மூணு மாசம்தான் செக்குக்கு உயிராம். ஆறு மாசம் இருந்தது உண்மைதான், 2012 ஏப்ரல் 1-இல் இருந்து ரிசர்வ் பேங்க் அதை மூணாக்கிருச்சு. அப்பா சொன்னது பழைய கணக்கு. போட்டோ அனுப்பின அன்னைக்கு அந்தச் செக்குக்கு ஒரு வாரம்தான் மிச்சம் இருந்திருக்கு. நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தது அந்த ஒரு வாரத்தைக் கழிக்கத்தான்னு இப்பதான் புரியுது.

அது மட்டுமா? எண்ணில் 38,400. எழுத்தில் 'தர்ட்டி தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்'. எட்டைக் காணோம்! சட்டப்படி எழுத்தில் இருக்கிற தொகைதான் செல்லுமாம், ஆனா நடைமுறையில் ரெண்டும் ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிருவாங்களாம். பேர் வரியிலும் என் பேர் இல்லை. ஆப்பில் நான் வெச்சிருந்த கடைப் பேர். அந்தப் பேரில் எனக்கு ஏது அக்கவுண்ட்? பேரையும் தொகையையும் அடிச்சுத் திருத்தினா கிளியரிங்கில் எடுக்க மாட்டாங்க, புது லீஃப்தான் வேணும். தேதியை மட்டும் எழுதினவரே திருத்திக் கையெழுத்துப் போடலாமாம். அவர் போடுவாரா? போனையே எடுக்கிறதில்லை.

"அப்போ அந்த ரெண்டு கோடு?"ன்னு கேட்டேன். மேடம் சிரிக்காம சொன்னாங்க: "பணம் எந்த வழியா போகணும்னு சொல்றதுதான் கோடு. கவுண்டரில் ரொக்கமா தராதே, அக்கவுண்டில் போடுன்னு அர்த்தம். அவர் கணக்கில் பணம் இருக்கான்னு கோடு சொல்லாது."

செக் கேஸ் போடலாம்னு பார்த்தா அதுக்கும் வழியில்லை. மூணு மாசத்துக்குள்ள பேங்கில் போட்டு, பணம் இல்லைன்னு திரும்பி வந்திருக்கணுமாம். பணத்தை வசூலிக்க சிவில் கேஸ்தான் போடணும். 38,400-க்கு எந்த வக்கீல் வருவார், எத்தனை வருஷம் ஆகும்?

செக் படிக்கிறது எப்படின்னு ஒவ்வொரு வரியா விளக்கணும்னு உட்கார்ந்தேன். முடியலை, கை நடுங்குது. நாலு வார்த்தை சொல்றேன். போட்டோவை பேங்க் வாங்காது, லீஃப் கையில் வேணும். போட்டோவில் ஒரு கட்டம் மறைஞ்சிருந்தாலும் திரும்ப எடுக்கச் சொல்லுங்க, விரல் இல்லாம. பாஸ்புக்கில் இருக்கிற பேரும் செக்கில் இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். தொகையை எழுத்தில் வாய்விட்டுப் படிங்க. கையில் கிடைச்ச அன்னைக்கே பேங்கில் போடுங்க, அக்கவுண்டில் பணம் ஏறின பிறகு சரக்கை ஏத்துங்க.

அந்த ஆளோட விளம்பரம் இன்னும் ஆப்பில் ஓடிக்கிட்டு இருக்கு. 'நல்ல விலை, உடனடி பணம்'னு.