ஒன்றேகால் நிமிடத்திலா, ஐந்தரை நிமிடத்திலா? ஸ்பான்சர் பகுதிக்கு எந்த இடம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிக் காட்டும் ஒரு தமிழ்ச் சேனல் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ 12 நிமிடம். ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி ஒன்று 60 விநாடிக்கு ஸ்பான்சர். விளம்பரதாரர் "முன்னாடியே போடுங்கள்" என்பார். எடிட்டர் "நடுவில் போட்டால்தான் ஆள் ஓடாது" என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியை, ஒவ்வொரு கணத்திலும் எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் யூடியூப் ஸ்டூடியோவின் Audience retention கோட்டில்தான் படிக்க வேண்டும், அதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள்.

ஸ்பான்சர் வரும் இடத்தில் கோடு இறங்கியதும் "போச்சு" என்று பதறத் தேவையில்லை. இறக்கம் இரண்டு வகை. கோடு கீழே போய், பகுதி முடிந்ததும் மேலே ஏறினால் அது பள்ளம்: ஆட்கள் விளம்பரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு வீடியோவைத் தொடர்கிறார்கள். இறங்கிய கோடு ஏறாமல் அப்படியே நீண்டால் அது படி: அவர்கள் வீடியோவை விட்டே போய்விட்டார்கள். பள்ளம் விளம்பரதாரரின் நட்டம், படி உங்கள் நட்டம். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் இடத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

பள்ளத்தின் வடிவமும் பேசும். முதல் ஏழெட்டு விநாடியிலேயே செங்குத்தாக விழுந்தால் தவறு தொடக்கத்தில்: லோகோ திரையில் வந்ததுமே தாண்டிக் குதிக்கக் கை போய்விட்டது. மெல்லச் சரிந்தால் வசனம் நீளம். ஏறும் பக்கம் எப்போதும் கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கும். கைபேசியில் இரட்டைத் தட்டு வழக்கமாக 10 விநாடி தாண்டும், அறுபது விநாடியைக் கடக்க ஆறு முறை தட்ட வேண்டும், அந்த வேகத்தில் ஒன்றிரண்டு கூடத் தட்டிவிடுவார்கள். ஆகவே ஸ்பான்சர் முடிந்த கையோடு பிரியாணியின் முதல் வாயைக் காட்டாதீர்கள். அதைப் பார்க்க வேண்டிய ஆள் அந்த நேரத்தில் அதைத் தாண்டி நிற்பார்.

எண்களை எடுக்க ஸ்டூடியோவில் கோட்டின் மேல் விரலை நகர்த்தினாலே போதும். பல வீடியோக்களை ஒப்பிட வேண்டுமானால், நிரல் வழியாக எண்களைக் கேட்டு வாங்கும் YouTube Analytics API வசதி. கேள்வி இவ்வளவுதான்:

```
ids=channel==MINE
startDate=2025-03-01
endDate=2025-03-14
dimensions=elapsedVideoTimeRatio
metrics=audienceWatchRatio
filters=video==VIDEO_ID;audienceType==ORGANIC
sort=elapsedVideoTimeRatio
```

வீடியோவை 100 துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் வரும். 12 நிமிட வீடியோவில் ஒரு துண்டு 7.2 விநாடி, ஆக ஸ்பான்சர் பகுதிக்கு எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். 40 நிமிட நேர்காணலில் ஒரு துண்டு 24 விநாடி ஆகிவிடும், பள்ளம் இரண்டு மூன்று புள்ளியில் மழுங்கிப்போகும், அங்கே இந்த அளவீடு எடுபடாது. ORGANIC வடிகட்டியை விட்டுவிடாதீர்கள். காசு கொடுத்து வீடியோவைப் பரப்பியிருந்தால், விளம்பரம் வழியாக வந்தவர்களின் பார்வை கோட்டை வேறு மாதிரி இழுக்கும்.

இனி இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை, 10,000 பார்வை கொண்ட வீடியோவுக்கு.

முதல் இடம், 1:15 முதல் 2:15 வரை. தொடங்குமுன் 68 சதவீதம், பள்ளத்தின் அடி 52, முடிந்து 15 விநாடி கழித்து 60. முதலும் கடைசியும் பார்த்து எட்டு சதவீதப் புள்ளி போனது என்று எழுதினால் தப்பு. வீடியோவின் தொடக்கத்தில் ஸ்பான்சர் இல்லாவிட்டாலும் ஆள் கழன்றுகொண்டேதான் இருப்பார்கள். அதே பாணியில், அதே நீளத்தில், ஸ்பான்சர் இல்லாத மூன்று நான்கு வீடியோக்களில் 2:30ல் சராசரி என்ன என்று பாருங்கள். அது 63 என்றால் படியின் உயரம் மூன்று புள்ளிதான், அதாவது 300 பேர்.

இரண்டாம் இடம், 5:30 முதல் 6:30 வரை. முன்பு 45, அடி 33, பின்பு 42. ஸ்பான்சர் இல்லாத வீடியோக்களின் சராசரி அங்கே 43. படி ஒரே புள்ளி, 100 பேர். இதுவரை தாக்குப்பிடித்தவர்கள் கடைசி வரை வரும் எண்ணத்தில் இருப்பவர்கள், ஒரு நிமிடத்துக்காக எழுந்து போவதில்லை, தாண்டிக் குதிப்பதோடு சரி. கோடு அங்கே அதிகமாகத் திரும்பி ஏறுவதும் அதனால்தான்: ஏறும் பக்கம் ஒன்பது புள்ளி, முன்னதில் எட்டு.

விளம்பரதாரருக்கு அடிப்புள்ளியை வைத்துச் சொல்லுங்கள், அதுதான் நாணயமான கணக்கு. முதல் இடத்தில் 5,200, இரண்டாமதில் 3,300. வித்தியாசம் 1,900. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, போனவர்கள் பார்த்திருக்கக்கூடிய நேரம். 2:30ல் இருப்பவர் சராசரியாக இன்னும் 6 நிமிடம் பார்ப்பார் என்றால் 300 பேருக்கு 1,800 நிமிடம். 6:45ல் இருப்பவருக்கு 4 நிமிடம் என்றால் 100 பேருக்கு 400 நிமிடம். ஆக 1,900 பேரைக் கூடுதலாகச் சென்றடைய 1,400 நிமிடப் பார்வை நேரம் போகிறது, தலைக்கு 44 விநாடி. இந்தக் கணக்கைப் பார்த்தால் முன்னால் வைப்பதே மேல் என்று தோன்றும், ஸ்பான்சர் அதற்கேற்ற வெள்ளியைக் கூட்டித் தந்தால். ஒரே தொகைக்கு முன்னால் வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

சிங்கப்பூர்ச் சேனலுக்கு இன்னொரு கழித்தல் உண்டு. பார்வையாளர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருக்கலாம். இங்கிருந்து பணம் அனுப்பும் செயலிக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். Geography அறிக்கையில் சிங்கப்பூரின் பங்கு 35 சதவீதம் என்றால் 5,200 என்பது 1,820 ஆகிறது, 3,300 என்பது 1,155 ஆகிறது. ஒப்பந்தம் பேசுகிறபோது மேசையில் வைக்க வேண்டியது இந்த எண். ஸ்பான்சரின் சுட்டியில் `utm_content=p0115`, `utm_content=p0530` என்று இடத்தையும் சேர்த்துவிட்டால் எந்த இடத்துக்கு எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதும் தெரியும்.

மூன்றாவது இடமாக முடிவுக்குச் சற்று முன் என்றும் சிலர் கேட்பார்கள். குரலில் விடைபெறும் தொனி வந்ததுமே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பேச அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒப்பீட்டைக் கெடுப்பவை இரண்டு. 8 நிமிடமும் அதற்கு மேலும் உள்ள வீடியோக்களில் யூடியூபின் இடைவிளம்பரம் வரலாம். அது தானாக 6:40ல் விழுந்தால் அங்கே வரும் படி ஸ்பான்சர் கணக்கில் ஏறிவிடும். விளம்பர இடைவேளைகளைக் கையால் நகர்த்தி இரண்டு நிமிடமாவது தள்ளி வையுங்கள். அடுத்தது, விளம்பரம் என்று சொல்லாமலே பேச்சுக்குள் நுழைத்துப் பள்ளத்தைச் சமன் செய்யும் சாமர்த்தியம். கோடு அழகாக வரும், ஆனால் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் பணம் பெற்ற உறவை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. யூடியூபிலும் கட்டண விளம்பரம் உண்டு என்ற கட்டத்தைக் குறித்தாக வேண்டும்.

ஏற்றிய வீடியோவில் பகுதியை இடம் மாற்ற முடியாது, வெட்டத்தான் முடியும். தலைப்புப் படங்களைச் சோதிப்பதுபோல ஒரே வீடியோவை இரண்டு விதமாகக் காட்டவும் வழியில்லை. ஆகவே வீடியோக்களுக்கு இடையில்தான் சோதிக்க வேண்டும்: முன், நடு, நடு, முன் என்ற வரிசையில் நான்கு, அதே வரிசையில் இன்னும் நான்கு. முன் நான்கையும் அடுத்து நடு நான்கையும் போட்டால் தீபாவளிக் கூட்டம் ஒரு பக்கமே சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் வெளியான 14ஆம் நாள் அளந்து, படியின் உயரத்தை மட்டும் வரிசையாக எழுதுங்கள். முன்னால் வைத்தவற்றில் 3, 5, 2, 4 என்றும் நடுவில் 1, 2, 1, 0 என்றும் வந்தால் வித்தியாசம் நம்பத்தக்கது. 3, 0, 6, 1 என்று சிதறினால் இடம் காரணமல்ல, ஒவ்வொரு வீடியோவிலும் ஸ்பான்சர் பகுதிக்குள் நுழையும் அந்த முதல் வாக்கியத்தைப் போய்க் கேளுங்கள்.