640 ரிங்கிட் போயிற்று: உடைந்த பார்சலைப் படம் எடுக்கும்போது கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்

இன்று காலை பதில் வந்துவிட்டது. கிளெய்ம் நிராகரிப்பு. 640 ரிங்கிட் டேபிள் டாப் கிரைண்டர், அதற்கு மேல் 18 ரிங்கிட் "பார்சல் பாதுகாப்பு", இரண்டும் போயின. விற்றது கோலாலம்பூரில் உள்ள ஓர் இணையப் பாத்திரக் கடை. பினாங்கு ஜெலுத்தோங்குக்குக் கொண்டுவந்தது ஒரு கூரியர். பெயர் போடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, உடைந்த பார்சலை எப்படிப் படம் எடுப்பது என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியின் கீழ்மூலை ஒன்று உள்ளே அமுங்கியிருந்தது. திறந்தால், அதே மூலையில் தெர்மோகோல் நொறுங்கி, கிரைண்டரின் பிளாஸ்டிக் கால் விரிசல் விட்டிருந்தது. டிரம்மைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கியது. அதாவது நடுத்தண்டு வளைந்துவிட்டது. டிரம்முக்குள் குழவி ஒன்று கட்டு அவிழ்ந்து கிடந்தது.

கடைக்குப் போன் போட்டதும் அந்தத் தம்பி பேசிய விதத்தில் யாரும் நம்பியிருப்பார்கள். "கவலப்படாதீங்கக்கா, இன்சூரன்ஸ் இருக்கு. குழவிய எடுத்து வச்சிட்டு, அந்த விரிசல மட்டும் கிட்டக்க ஒரு படம் புடிச்சி வாட்சாப்ல அனுப்புங்க. குழவி கழண்டு கிடக்கிறது தெரிஞ்சா பேக்கிங் சரியில்லன்னு சொல்லிடுவாங்க. பெட்டி வேணாம், தூக்கிப் போட்டுடுங்க. புதுசு அனுப்பிடுறோம்." குழவியை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் போனது. மறுநாள் காலை பெட்டி குப்பைக்குப் போனது.

640 ரிங்கிட் போனது அந்த இடத்தில்தான். ஏன் என்று விளக்குகிறேன்.

கிளெய்மைப் பார்ப்பவருக்குப் பொருள் உடைந்திருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். அவர் தேடுவது, அடி எங்கிருந்து வந்தது என்பதை. வழியில் பெட்டி விழுந்ததா, அல்லது உள்ளே இருந்த பொருளே ஒன்றோடொன்று மோதியதா? விழுந்திருந்தால் பொறுப்பு கூரியருக்கு. உள்ளே மோதியிருந்தால் பேக்கிங் கோளாறு, பாதுகாப்புத் திட்டத்தில் பணம் கிடையாது. விரிசலை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் சொல்லாது.

பதில் சொல்லியிருக்க வேண்டியது அந்தப் பெட்டி. வெளியிலிருந்து அடி பட்டால் அட்டை உள்நோக்கி அமுங்கும், அதே இடத்தில் தெர்மோகோலும் நொறுங்கும். குழவி உருண்டு மோதியிருந்தால் தடயம் டிரம்முக்குள் இருக்கும்: எஃகுச் சுவரில் வெளிப்பக்கமாகப் புடைத்த புடைப்பு, அடிக்கல்லில் சில்லு பெயர்ந்த இடம், கல் தூள். எங்கள் டிரம்முக்குள் ஒரு கீறல்கூட இல்லை. அவிழ்ந்து கிடந்த அந்தக் குழவியோடு சேர்த்துச் சுத்தமான டிரம்மைப் படம் எடுத்திருந்தால், குழவி உடைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மறைக்கச் சொன்னதால் சாட்சி போனது. பிறகு கூரியர் "திறந்தபோது உள்ளே இருந்த படம் எங்கே?" என்று கேட்டபோது, உண்மையைச் சொன்னாலும் ஏமாற்றப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

அதன் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். வியாழக்கிழமை கடை: "கிளெய்ம் போட்டாச்சு, வெயிட் பண்ணுங்க." வெள்ளிக்கிழமை கூரியர்: "அனுப்பியவர்தான் கிளெய்ம் செய்ய வேண்டும், நீங்கள் பெறுபவர்." மறுபடி கடை: "அது கூரியர் பிரச்சினை மேடம்." அக்கா என்று கூப்பிட்டவர் மூன்றே நாளில் மேடம் என்கிறார். இன்றைய கடிதத்தில் மூன்று காரணங்கள்: வெளிப்பெட்டி பரிசோதனைக்குக் கிடைக்கவில்லை, படத்தில் பார்சல் சீட்டு இல்லை, படம் எடுத்த தேதியை உறுதிசெய்ய முடியவில்லை. பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்ன கடை இப்போது வாயைத் திறப்பதில்லை. 640 ரிங்கிட்!

தேதி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும். வாட்சாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு அந்தத் தகவலும் அழிந்துவிடும். அதே படத்தை Document ஆக இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஸ்கிரீன்ஷாட், வெட்டிய படம், வெளிச்சம் கூட்டிய படம் எதுவும் வேண்டாம். மூலப்படம் போனில் அழியாமல் இருக்கட்டும்.

எஃகுப் பாத்திரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பிளாஷ் போட்டால் பளபளப்பில் ஒடுக்கு தெரியாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எஃகில் பிரதிபலிக்கும்படி பிடித்தால், ஒடுக்கு உள்ள இடத்தில் கோடு வளையும். அந்த வளைவைப் படமெடுத்தால் யாரும் மறுக்க முடியாது. டிரம் ஆடுவதைக் காட்ட, அசையாத இடத்தில் அடிக்கோல் ஒன்றை நிறுத்தி, டிரம் விளிம்பு அதன் பக்கத்தில் வரும்படி ஒரு படம், அரைச் சுற்று சுற்றிவிட்டு அதே இடத்திலிருந்து இன்னொரு படம். இரண்டுக்கும் உள்ள மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். மின்சாரம் போட்டுப் பார்க்காதீர்கள். ஆபத்து ஒரு பக்கம், "உபயோகித்த பிறகு உடைந்தது" என்று சொல்ல அவர்களுக்கு வழியும் கிடைக்கும்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கத்தியை எடுக்குமுன் ஆறு பக்கமும் எடுங்கள். பக்கத்துக்கு ஒரு எண் எழுதி ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டால், பிறகு எந்த மூலை என்று குழப்பம் வராது. சீட்டின் எண் படிக்கத் தெரிய வேண்டும். டேப்பையும் எடுங்கள்: ஒரு டேப்புக்கு மேல் வேறு நிற டேப் இருந்தால் வழியில் யாரோ பிரித்து ஒட்டியிருக்கலாம்.

திறந்ததும் எதையும் தொடாமல் மேலிருந்து ஒரு படம். கழன்றது, சிந்தியது, ஏற்கெனவே இருந்த கீறல், எல்லாம் கிடந்தபடியே இருக்கட்டும்.

அமுங்கிய அட்டை மூலை, நொறுங்கிய தெர்மோகோல், விரிசல் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். பிறகுதான் கிட்டப்படம். அடி தெளிவாகத் தெரிய இன்னொரு தட்டு தட்டச் சொன்னால் செய்யாதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன் பெட்டி அமுங்கியிருந்தால் டெலிவரி தம்பியின் எதிரிலேயே படம் எடுத்து, சேதம் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

கடையோடு பேசுவதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்ன "தூக்கிப் போடுங்க" என்பதற்கு இன்று என்னிடம் ஆதாரம் கிடையாது.

நாளை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கடை மேல் மனு போடப் போகிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். கூரியர் மேல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் தனியாக ஒரு புகார். கையில் இருப்பது ஒரே ஒரு விரிசல் படம். நீங்கள் அந்த நிலைக்கு வராதீர்கள்: கிளெய்ம் பணம் கணக்கில் ஏறும்வரை அட்டைப்பெட்டி, தெர்மோகோல், கட்டிய கயிறு உட்பட எதையும் வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள்.