குழந்தைக் கணக்கு வயதில் சிக்கினால்: தேதியைத் திருத்துவதா, ஒப்புதலைச் சரிசெய்வதா, புதிதாகத் திறப்பதா?

பெற்றோர் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கில் பிள்ளை ஒரு கேம் வாங்கப் பார்க்கிறது. பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை, இல்லையென்றால் வயது பொருந்தவில்லை என்று வருகிறது. வேறு ஆப்புக்குள் இந்தக் கணக்கை வைத்து நுழையப் பார்த்தாலும் அதே கதைதான். உடனே பலர் செய்வது இரண்டு: கணக்குப் பெயரின் கடைசி எண்ணைக் கூட்டி இன்னொரு கணக்கு திறப்பது, அல்லது பிள்ளையின் போனில் அம்மாவின் கணக்கையே போட்டுக் கொடுத்துவிடுவது. இரண்டும் பின்னால் வேலை வைக்கும். நிஜமான வழிகள் நான்கு: பிறந்த தேதியைத் திருத்துவது, ஒப்புதலைச் சரிசெய்வது, பெற்றோர் கணக்கில் வாங்கிப் பகிர்வது, புதிய கணக்கு திறப்பது. எது பொருந்தும் என்பது கணக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

மிகக் குறைந்த வயது மதிப்பீடு கொண்ட, இலவசமான, இந்தக் கணக்கில் இதுவரை ஒருமுறைகூட இறக்காத ஓர் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். "ஒருமுறைகூட" என்பது முக்கியம். ஆப்பிளில் ஏற்கெனவே இறக்கிய ஆப்பை மறுபடி இறக்கினால் அனுமதிக் கோரிக்கை போகாது, சோதனை பொய்யாகிவிடும். கூகுளில் பெற்றோர் கண்காணிப்புக்கான Family Link ஆப்பைத் திறந்து, பிள்ளையின் பெயரில் Google Play பகுதிக்குப் போய், வாங்கும் அனுமதியை All content என்று வையுங்கள். காசு கொடுத்து வாங்குவதற்கு மட்டும் அனுமதி என்று இருந்தால் இலவச ஆப் யாரையும் கேட்காமலே இறங்கிவிடும். ஆப்பிளில், வாங்குமுன் பெற்றோரைக் கேட்கவைக்கும் Ask to Buy போட்டிருந்தால் போதும், அது இலவச ஆப்புக்கும் கேட்கும்.

இப்போது பிள்ளையின் போனிலிருந்து அந்த ஆப்பைக் கேளுங்கள். கோரிக்கை பெற்றோர் போனுக்கு வந்து, சம்மதித்ததும் இறங்கிவிட்டால் குடும்ப இணைப்பு சரியாக இருக்கிறது. அப்படியானால் வாங்க முடியாமல் போனது கேமின் வயது மதிப்பீட்டாலோ பணம் செலுத்தும் வழியாலோதான். தேடும்போதே கேம் தென்படவில்லை என்றால் மதிப்பீடு, பெற்றோர் சம்மதித்த பிறகு தோற்றால் கார்டு. இலவச ஆப்புக்கே கோரிக்கை வரவில்லை என்றால்தான் வயதிலோ ஒப்புதலிலோ கோளாறு. பாதிப் பேர் இந்த இடத்திலேயே தேடலை முடித்துக்கொள்ளலாம். "வயது" என்று திரையில் வருவதெல்லாம் பிறந்த தேதிப் பிரச்சினை இல்லை.

தேதியைத் திருத்துவது

தேதி நிஜமாகவே தப்பாக இருந்தால் இதுதான் சரியான வழி. ஆனால் வயதை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் ஒன்றல்ல.

ஓர் உதாரணம். 2011-இல் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு திறக்கும்போது ஆண்டுச் சக்கரம் நழுவி 2021 என்று பதிவாகிவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளை கணக்கில் பத்து வயது குறைந்த குழந்தை. கூகுளில் 13-க்குக் கீழான பிள்ளை, வெளி ஆப் ஒன்றில் கூகுள் கணக்கை வைத்து நுழையப் பெற்றோர் அனுமதி வேண்டும், அதனால் நுழைவு மறுக்கப்படுகிறது. Family Link-இல் பிள்ளையின் பெயர், Controls, Account settings என்று போய், சொந்த விவரங்களில் பெற்றோரே தேதியை மாற்றலாம். வயது 13-ஐத் தாண்டியதும், இனி இந்தக் கணக்கை யார் நடத்துவது என்ற கேள்வியும் கூடவே வரும். கண்காணிப்பு தொடர வேண்டுமென்றால் பிள்ளையின் போனில் வரும் திரைகளை அவசரமாக அழுத்தித் தள்ளாமல் உட்கார்ந்து படியுங்கள்.

இதே உதாரணத்தில் அடிக்கடி கேட்கப்படும் புலம்பல்: "தேதியை மாற்றியாச்சு, கேம் இன்னும் உள்ளே விடவில்லை." கேம் தன் பங்குக்கு முதல் நாளே வயதைக் கேட்டு எழுதி வைத்திருக்கும். கூகுளில் மாற்றியது அந்தப் பதிவைத் தொடாது. பின்னே போய் வேறு வயது போட்டுப் பார்த்தாலும் பல ஆப்கள் ஏற்பதில்லை. முதல் பதிலுக்குப் பிறகு பிள்ளை பின்னோக்கிப் போய் வயதைக் கூட்டிக்கொள்ளாதபடி தடுக்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்துக்கான வழிகாட்டுதலே இருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும். கூகுளில் குடைந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

எதிர்த் திசை இதைவிட ஆபத்தானது. சில வருடத்துக்கு முன் பெரியவர் வயது போட்டுத் திறந்த கணக்கு. நேர்மையாகச் சரிசெய்வோம் என்று உண்மைத் தேதியைப் போடுகிறீர்கள். வயது வரம்புக்குக் கீழே போன கணம் கூகுள் 14 நாள் தவணை தரும். அதற்குள் பெற்றோர் கண்காணிப்பை இணைக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு முடக்கப்பட்டு அழியும் வரிசையில் போய்விடும். எனவே குடும்ப நிர்வாகியின் கணக்கு தயாராக, அதுவும் 18 வயது நிரம்பியதாக, கையில் இருக்கும்போதுதான் தேதியைத் தொடுங்கள். பெற்றோரின் கணக்கிலேயே விளையாட்டாக ஏதோ தேதி போட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பெரியவர் என்று நிரூபிக்க அடையாள அட்டையோ கிரெடிட் கார்டோ கேட்பார்கள். கார்டு கொடுத்தால் ஒரு சிறு தொகையைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து விடுவிப்பது வழக்கம், அதைக் கட்டணம் என்று பயப்பட வேண்டாம்.

தேதி சரியாக இருந்தும் வயது போதாது என்று வருவதும் உண்டு. வரம்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது: கூகுளில் அமெரிக்காவில் 13, ஸ்பெயினில் 14, ஜெர்மனியில் 16. நாடு மாறிய குடும்பத்தில் 14 வயதுப் பிள்ளையின் கணக்கு திடீரென்று குழந்தைக் கணக்காக நடத்தப்பட்டால் தேதியை நோண்டாமல் கணக்கின் நாட்டைப் பாருங்கள்.

ஒப்புதலைச் சரிசெய்வது

தேதி சரி, ஆனால் கோரிக்கை போய்ச் சேரவில்லை. இந்த வகைதான் அதிகம், குணப்படுத்த எளியதும் இதுவே. ஆப்பிளில் Ask to Buy கோரிக்கைக்கு 24 மணி நேரம்தான் ஆயுள். நோட்டிஃபிகேஷனை மூடிவிட்டு மறுநாள் மாலை தேடினால் இருக்காது. பிள்ளை மறுபடி கேட்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிவதென்னவோ "கேட்டேன், நடக்கவில்லை" என்பது மட்டும்தான். குடும்ப அமைப்பாளர் தவிர வேறு பெரியவர் சம்மதிக்க வேண்டுமென்றால் அவரைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று தனியாக நியமித்திருக்க வேண்டும். வெறுமனே குடும்பக் குழுவில் இருப்பது போதாது.

மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் குழப்பம் வேறு வகை. பிள்ளையைக் குடும்பக் குழுவில் சேர்ப்பது ஒரு ஒப்புதல். மைக்ரோசாஃப்ட் அல்லாத ஆப்களில் அந்தக் கணக்கை வைத்து நுழையலாம் என்பது இன்னொரு ஒப்புதல். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்தால், மைக்ரோசாஃப்ட் பக்கம் எல்லாம் வேலை செய்யும், வெளியே போனால் நிற்கும். account.microsoft.com/family என்ற பக்கத்தில் பெற்றோர் கணக்கில் நுழைந்து, பிள்ளையின் ஒப்புதல் விவரங்களில் இதைப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் பிள்ளையின் கணினியில் திறக்காதீர்கள். ஏற்கெனவே பிள்ளை உள்ளே நுழைந்திருக்கும் பிரௌசரில் யார் கணக்கில் சம்மதித்தோம் என்பதே தெரியாமல் போகும்.

"குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்துப் பார்" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆப்பிளில் 13-க்குக் கீழான பிள்ளையைக் குழுவிலிருந்து வெறுமனே நீக்க முடியாது. வேறு குடும்பத்துக்கு மாற்றலாம் அல்லது கணக்கை அழிக்கலாம். கூகுளில் ஒருவர் குடும்பக் குழுவை மாற்ற 12 மாதத்துக்கு ஒரு வாய்ப்புதான். அவசரத்தில் அதைச் செலவழித்துவிட்டால் ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பெற்றோர் கணக்கில் வாங்கிப் பகிர்வது

ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் ஆப் என்றால் இது நல்ல குறுக்கு வழி. கூகுளில் குடும்ப நூலகம், ஆப்பிளில் வாங்கியதைப் பகிரும் வசதி, இரண்டிலும் குழு ஆறு பேர் வரை. ஆனால் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் கேமுக்குள் விற்கும் நாணயமும் உடையும். அந்த வகை உள்கொள்முதல் கூகுள் குடும்ப நூலகத்தில் பகிரப்படுவதே இல்லை. ஆப்பிளிலும் செலவழிந்து தீரும் நாணயம் போன்றவை வாங்கிய கணக்கோடு நின்றுவிடும். பகிர்ந்த ஆப்பும் பிள்ளையின் வயது வடிகட்டியைத் தாண்டித்தான் தெரியும். வெளி ஆப்பில் நுழைவது பிரச்சினை என்றால் இந்த வழி எதையும் தீர்க்காது.

புதிய கணக்கு

பழைய கணக்கில் வாங்கியது எதுவும் இல்லை, கேம் முன்னேற்றமும் இல்லை என்றால் மட்டும் இதை எடுங்கள். கூகுளில் ஒரு கணக்கில் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. தேதி பெரியவர் வயதாக இருந்து, கண்காணிப்பே இல்லாமல், உள்ளே ஒன்றும் சேராத கணக்கு என்றால், 14 நாள் தவணையோடு போராடுவதைவிடப் புதிதாகத் திறப்பது சுளுவு. திறப்பதைப் பிள்ளையின் போனில் தனியாகத் தொடங்காமல் Family Link-இலிருந்தோ ஆப்பிளின் குடும்பப் பகுதியிலிருந்தோ தொடங்குங்கள். அப்போதுதான் ஒப்புதலும் கணக்கோடு சேர்ந்தே பதிவாகும். சில இடங்களில் ஆப்பிள் இந்தக் கட்டத்தில் பெற்றோரின் கிரெடிட் கார்டைக் கேட்கும். டெபிட் கார்டு மட்டும் பதிந்திருந்தால் அங்கேயே நிற்கும். பிறந்த தேதித் திரையில் நாளையும் மாதத்தையும் வைத்தபின், அடுத்து அழுத்துவதற்கு முன் ஆண்டை மறுபடி பாருங்கள். மற்றதைச் சுழற்றும்போது விரல் பட்டு நகர்வது அந்தச் சக்கரம்தான்.