ஸ்லைடு பாரின் உயரத்தை ஹோஸின் நீளம் முடிவு செய்ய விடாதீர்கள்

குளியலறையில் ஹேண்ட் ஷவரை ஏற்றி இறக்கி மாட்ட உதவும் ஸ்லைடு பார் பொருத்தவிருப்பவர்கள், டைல்ஸில் துளை விழுவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். "சின்னக் குழந்தை முதல் உயரமானவர் வரை எல்லாருக்கும் இந்த ஒரு பார் போதும்" என்று சொல்லி எங்களுக்கு ஒன்றை விற்றார்கள். அதைப் பொருத்திக் கொடுத்துப் பணமும் பெற்றுக்கொண்ட பிறகு, வீட்டில் உயரமானவருக்கும் அது உதவவில்லை, குழந்தைக்கும் உதவவில்லை. ஏன் அப்படி ஆனது என்பதைக் கடைக்காரரும் அவர் அனுப்பிய பிளம்பரும் கடைசி வரை சொல்லவில்லை. அளவு நாடாவை வைத்து நாங்களே கண்டுபிடித்தோம்.

என் கணவரின் உயரம் 185 செ.மீ. மகளுக்கு 105 செ.மீ. இந்த இரண்டு அளவுகளையும் பார் வாங்கும்போதே கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம். அவர் எடுத்துக் காட்டியது 60 செ.மீ. பார், அதனுடன் ஹேண்ட் ஷவரும் ஹோஸும் ஒரே பெட்டியில் இருந்தன. ஷவரை மாட்டும் ஹோல்டரை 60 செ.மீ. தூரம் ஏற்றி இறக்கலாம் என்று அவர் சொன்னதும், பொருத்துபவர் உயரத்தைப் பார்த்துக்கொள்வார் என்று உறுதியளித்ததும்தான் நாங்கள் அதை வாங்கக் காரணம்.

பொருத்தி முடித்த அன்றே குறை தெரிந்துவிட்டது. ஹோல்டரை மேல் முனை வரை தள்ளிய பிறகும் தண்ணீர் என் கணவரின் முகத்துக்கு நேராகவே வந்தது. தலையை நனைக்க அவர் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. கீழ் முனை வரை இறக்கினாலோ, மகளின் தலைக்கு மேலிருந்து தண்ணீர் விழுந்து நேராகக் கண்ணிலும் மூக்கிலும் பாய்ந்தது. ஹோல்டர் அவள் கைக்கு எட்டியது உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் கையைத் தூக்கி, பொத்தானை அழுத்திக்கொண்டே ஹோல்டரை நகர்த்தும் வலு அந்த வயதுக் கைக்கு இருக்காது.

நாடாவை எடுத்து அளந்தபோது முதல் பொய் வெளிப்பட்டது. 60 செ.மீ. என்பது பாரின் மொத்த நீளம் மட்டுமே. சுவரோடு பிணைக்கும் பிராக்கெட்டுகள் இரு முனையிலும் இடம் எடுத்துக்கொள்கின்றன; நகரும் ஹோல்டரின் உடம்பும் தன் பங்குக்கு இடம் கேட்கிறது. எங்கள் பாரில் ஒவ்வொரு முனையிலும் 6 செ.மீ. இப்படிப் போய், ஹோல்டர் உண்மையில் நகரும் தூரம் 48 செ.மீ. ஆக இருந்தது. பாரின் நீளத்தை நகரும் தூரம் என்று சொல்லி விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன், ஏனென்றால் கடையிலேயே ஹோல்டரை மேலும் கீழும் தள்ளி அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரியக்கூடிய விஷயம் இது.

அந்த 48 செ.மீ.யைச் சரியான உயரத்தில் வைத்திருந்தாலாவது பெரியவர்கள் சிரமமின்றிக் குளித்திருக்கலாம். எங்கள் ஹோல்டர் தரையிலிருந்து 107 செ.மீ. முதல் 155 செ.மீ. வரை நகர்ந்தது. ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தீர்கள் என்று பிளம்பரைக் கேட்டபோது, எல்லா வீட்டிலும் வைக்கும் உயரம் இதுதான் என்றார். கடைக்காரரும் அதையே திருப்பிச் சொன்னார். உண்மையான காரணம் பெட்டியில் வந்த ஹோஸ். அதன் நீளம் 120 செ.மீ. மட்டுமே.

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் துளையிடும் உயரத்தைப் பல இடங்களில் இதுதான் சத்தமில்லாமல் முடிவு செய்கிறது. சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாயான எங்கள் மிக்ஸரில் ஹோஸ் மாட்டும் வாய் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், கீழ்நோக்கி இருக்கிறது. ஹோஸ் அங்கிருந்து உடனே மேலே திரும்பிவிட முடியாது. மடங்கி நசுங்காமல் இருக்க 15 செ.மீ. அளவுக்குக் கீழே இறங்கி, வளைந்து, பிறகுதான் ஏற வேண்டும். இறங்குவதற்கு 15, வளைவுக்கு ஏறக்குறைய 10 என்று 25 செ.மீ. அங்கேயே போய்விடும். 120 செ.மீ. ஹோஸில் மீதமுள்ள 95 செ.மீ., வளைவின் அடியான 60 செ.மீ. உயரத்திலிருந்து ஏறினால் 155 செ.மீ. வரைதான் எட்டும். பிளம்பர் மேல் துளையை வைத்த இடம் சரியாக இதற்குப் பொருந்துகிறது. குளிப்பவர்களின் உயரத்தை அவர் கேட்கவே இல்லை. ஹோஸ் எட்டிய இடத்தில் பாரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த உயரத்தில்கூட ஹோஸ் விறைப்பாகவே நின்றது. ஹோல்டரை மேலே வைத்துத் தண்ணீரைத் திறந்தால், நீர் நிறைந்து கனத்த ஹோஸ் கீழ்நோக்கி இழுத்து, ஷவர் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. சிறிது நேரத்தில் ஹோல்டரும் மெல்லக் கீழே வழுக்கியது. பிடிமானத்துக்கு உள்ளே இருப்பது பிளாஸ்டிக் உறுப்பு என்பதால், தொடர்ந்து இப்படி இழுபட்டால் அது விரைவில் தேய்ந்துவிடும். ஹோஸ் போதிய நீளத்தில் தளர்வாகத் தொங்கினால், அதே ஹோல்டர் அதே இடத்தில் அசையாமல் நிற்பதை நாங்கள் பிறகு பார்த்தோம். எனவே ஹோல்டர் வழுக்கினால், ஹோல்டரை மாற்றுவதற்கு முன் ஹோஸ் விறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினோம். ஹோஸை மட்டும் நீளமானதாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார். பாரை உயர்த்திப் பொருத்துவதும் பழைய துளைகளை அடைப்பதும் தன் பொறுப்பல்ல என்று கைகழுவிவிட்டார். வேறொரு பிளம்பரை அழைத்துத் தனியாகக் கூலி கொடுத்துத்தான் சரிசெய்தோம். இந்த முறை கணக்கைக் குளிப்பவர்களிடமிருந்து தொடங்கினோம்.

ஷவரின் கைப்பிடி ஹோல்டரில் அமரும் இடத்துக்கும், தண்ணீர் வெளிவரும் முகத்துக்கும் இடையே எங்கள் ஷவரில் 15 செ.மீ. இருக்கிறது. ஷவருக்கு ஷவர் இது மாறும் என்பதால் கையில் இருப்பதை அளந்துகொள்ள வேண்டும். உயரமானவருக்கு அந்த முகம் தலைக்கு மேல் ஒரு 15 செ.மீ. ஆவது இருந்தால்தான் நிமிர்ந்து நின்று குளிக்க முடியும். அதாவது 185 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தண்ணீர் 200 செ.மீ. உயரத்திலிருந்து வர வேண்டும், ஹோல்டர் 185 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். இந்த அளவுள்ள ஷவருக்கு மட்டும் ஒரு சுருக்கு வழி பொருந்துகிறது: கைப்பிடியின் 15 செ.மீ.யும் தலைக்கு மேல் வேண்டிய 15 செ.மீ.யும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், ஹோல்டரின் உயரம் ஆளின் உயரமாகவே அமைகிறது. இவை எல்லாவற்றையும் கால் பதியும் தரையிலிருந்துதான் அளக்க வேண்டும். குளிக்கும் இடம் மட்டும் பள்ளமாகவோ மேடையாகவோ இருந்தால், வாசலில் நின்று அளந்த அளவு தவறிவிடும்.

குழந்தைக்குக் கணக்கே வேறு. தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டுவதைச் சிறு குழந்தைகள் பலர் விரும்புவதில்லை. கழுத்துக்கும் மார்புக்கும் நேராக வந்தால் பயமின்றி நிற்பார்கள். 105 செ.மீ. உயரமுள்ள மகளுக்குத் தண்ணீர் 95 செ.மீ. உயரத்திலிருந்து வந்தால் போதும். அதற்கு ஹோல்டர் 80 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 185க்கும் 80க்கும் இடையே உள்ள வித்தியாசம் 105 செ.மீ. கடைக்காரர் விற்ற 60 செ.மீ. பார் மட்டுமல்ல, 90 செ.மீ. பாராலும் இதை எட்ட முடியாது. "ஒரே பார் எல்லாருக்கும்" என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தாத ஒன்று.

ஆகவே பாரைப் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கினோம். அதே 60 செ.மீ. பாரை உயர்த்தி, ஹோல்டர் 137 முதல் 185 செ.மீ. வரை நகரும்படி வைத்தார்கள், 160 செ.மீ. உயரமுள்ள எனக்கும் இது வசதியாக இருக்கிறது. மகளுக்கு மிக்ஸருக்குப் பக்கவாட்டில், 80 செ.மீ. உயரத்தில், பசையால் ஒட்டும் தனி ஹோல்டர் ஒன்றை வைத்தோம். குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 செ.மீ. வளர்வதால் இதை அவ்வப்போது உயர்த்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் டைல்ஸைத் துளைக்க வேண்டாம் என்பதற்காகவே ஒட்டும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். வழவழப்பான டைல்ஸில், எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, ஒரு நாள் முழுவதும் நனையாமல் விட்டால் அது ஷவரின் எடையைத் தாங்கும். குழந்தை பிடித்துத் தொங்கினால் தாங்காது. இன்னொன்று, தாழ்வான ஹோல்டரிலிருந்து வரும் நீர் குழந்தையின் உடம்பில் நேராகப் படும் என்பதால், ஷவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சூட்டைக் கையால் பார்த்த பிறகே அவளை உள்ளே நிற்க வைக்கிறோம்.

ஹோஸுக்கு மறுபடியும் அதே கணக்கைப் போட்டோம். ஹோல்டர் 185 செ.மீ. உயரத்தில் நிற்க 150 செ.மீ. ஹோஸ் கொஞ்சமும் தளர்வின்றி விறைத்து நிற்கும். அதனால் 175 செ.மீ. வாங்கினோம். தாழ்வான ஹோல்டரில் ஷவரை மாட்டும்போது மட்டும் இது தரையில் சற்றுப் படுகிறது. குளித்து முடித்ததும் ஷவரை மேல் ஹோல்டருக்கு மாற்றிவிடுகிறோம்.

பழைய பாரைக் கழற்றியபோது இன்னொரு மோசமான வேலையும் தெரியவந்தது. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளக்குகள் டைல்ஸின் தடிமனோடு நின்றுவிட்டன. பின்னால் உள்ள சுவருக்குள் போகவே இல்லை. ஸ்க்ரூவை முறுக்கும்போது பிளக் விரிவது சுவருக்குள்ளாக இருக்க வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால் அது டைல்ஸை உடைக்கும். எங்கள் கீழ்த் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தது. பாரைக் கையால் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தால் பிராக்கெட்டின் அடி ஆடுவதை வைத்து இதை அறியலாம். பழைய மேல் துளை புதிய இடத்தில் உள்ள பாருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கீழ்த் துளையைச் சிலிக்கான் கொண்டு அடைத்திருக்கிறோம், ஆனால் விரிசல் அப்படியே தெரிகிறது. சரியாகப் பொருத்திய ஸ்லைடு பார்கூட, கைப்பிடிக் கம்பி என்றே தயாரிப்பாளர் குறிப்பிட்டிராவிட்டால், வழுக்கும்போது பிடித்துக்கொள்வதற்கு உரியதல்ல என்பதையும் வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பார் வாங்குபவர்கள் ரசீதிலேயே மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள்: ஹோல்டர் நகரும் தூரம், ஹோஸின் நீளம், ஹோல்டர் நிற்க வேண்டிய மிக உயர்ந்த இடம். பிளம்பர் டிரில்லை எடுக்கும் முன், ஹோஸை மிக்ஸரில் மாட்டி, ஷவரை அந்த உயர்ந்த இடத்தில் கையால் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஹோஸ் விறைத்தால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லி, நீளமான ஹோஸ் வந்த பிறகு தொடரச் சொல்லுங்கள்.