‘பார்ப்போம் அண்ணே’யா, ‘இந்த முறை வேண்டாம்’ என்பதா?

ஹட்டனில் தேயிலைத்தூள் பொதி செய்து விற்கிறோம். மாதம் 600 பொதி போகும். கொழும்பிலிருந்து ஒருவர் அச்சிட்ட பைகளுக்குக் கொட்டேஷன் தந்தார். ஒரு பையின் விலை மலிவுதான், ஆனால் குறைந்தது 10,000 எடுக்க வேண்டும். அது எங்களுக்கு 16 மாதத்துக்கும் மேலான சரக்கு. பையிலேயே விலையும் அச்சாகிறது, இடையில் விலை மாறினால் மிச்சம் எல்லாம் குப்பை. கடைசியில் வெற்றுப் பையும் ஸ்டிக்கரும் 1,000 வீதம் தருபவரிடம் போனோம். ஒரு பைக்கு அங்கே கூடுதல் காசு.

கொழும்புக்காரருக்கு என்ன சொல்வது? பேசாமல் இருப்பதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, சாம்பிள் பைகள் நம் மேசையில் கிடக்கின்றன.

‘பார்ப்போம் அண்ணே’ என்பது நம் ஊரில் மரியாதையான மறுப்பு. ஆனால் விற்பவர் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை கோல் எடுப்பார். மூன்றாவது கோலுக்கு நாம் போனை எடுக்கமாட்டோம். அப்புறம் தேவை வந்தாலும் கூப்பிட முகம் இருக்காது.

‘விலை கூடிப்போச்சு’ என்பது அதைவிட மோசம். அவர் உடனே இரண்டு ரூபாய் குறைப்பார். நம் சிக்கல் விலையில் இல்லையே, அடுத்து என்ன சொல்வது? விலை குறைந்தால் வாங்குவோம் என்கிற நிலையில் மட்டும் விலையைப் பேசலாம். அது பேரம், மறுப்பு அல்ல.

உண்மைக் காரணத்தையே சொல்வதுதான் எங்களுக்குச் சரிவந்தது. மற்ற இடத்தில் முடிவு செய்த அன்றே, கொட்டேஷனின் 30 நாள் தவணை முடியுமுன், முதலில் போனில் பேசிவிட்டு இதை அனுப்பினோம்:

“அண்ணே, சாம்பிள் பார்த்தோம், அச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் 600 பைதான் எங்களுக்குத் தேவை, 10,000 எடுக்க முடியாது. இந்த முறை வேறு இடத்தில் எடுக்கிறோம். நீங்கள் 3,000க்கு இறங்க முடிந்தாலோ, எங்கள் விற்பனை மாதம் 1,500ஐத் தாண்டினாலோ, உங்களிடமும் விலை கேட்போம்.”

‘விலை கேட்போம்’ என்றுதான் எழுதினோம், ‘ஓடர் தருவோம்’ என்று எழுதவில்லை. மற்றவர் யார், என்ன விலை என்பதையும் சொல்லவில்லை. இவரிடம் அதைச் சொன்னால், நாளைக்கு இவருடைய விலையையும் இன்னொருவரிடம் சொல்வோம் என்றுதானே நினைப்பார்?

இந்த வழியிலும் ஒரு சங்கடம் உண்டு. காரணத்தைச் சொன்னதும் அவர் அதையே பிடித்துக்கொள்வார். “5,000க்குச் செய்யலாமா தம்பி?” என்று கேட்டார். அதுவும் எட்டு மாதச் சரக்கு. மற்றவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றதும் விட்டுவிட்டார். சாம்பிள்களைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டேன். ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்.