R² = 0.998 என்ற ஒரே எண்ணை நம்பி 16,500 ரூபாயை இழந்தேன்: கிணற்று நீரில் இரும்பு அளக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலைதான் அந்த ஆய்வகத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆய்வு மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு மாதிரிகளை அளந்து, முறை உறுதிப்பாட்டு அறிக்கையும் தயாரித்துத் தரும் தனியார் ஆய்வகங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் துறையின் நிறமாலை ஒளிமானி பழுதாகிக் கிடந்ததால், 42 கிணற்று நீர் மாதிரிகளை அங்கே கொடுத்தேன். முறை பழையது, எளியது. நீரில் உள்ள இரும்பை ஹைட்ராக்சிலமீனால் ஒடுக்கி, அசிடேட் தாங்கல் கரைசலில் 1,10-பினாந்த்ரோலின் சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் வரும். அதன் ஒளி உறிஞ்சலை 510 நானோமீட்டரில் படிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு ஏறத்தாழ 0.2 உறிஞ்சலைத் தரும். இது தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பணம் கட்டிய அன்று, ஆய்வக உரிமையாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி அளவுத்திருத்தக் கோட்டைக் காட்டினார். பூஜ்ஜியத்திலிருந்து லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை ஏழு புள்ளிகள், அவற்றின் மேல் ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் R² = 0.998. "பாருங்கம்மா, கோடு எவ்வளவு சுத்தமா வந்திருக்கு, கண்டறியும் எல்லை 0.01, நேர்கோட்டு எல்லை 10 வரை, உங்க நெறியாளர் ஒரு கேள்வி கேட்க மாட்டார்" என்றார். அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் எனக்குள் இருந்த சந்தேகம் எல்லாம் போய்விட்டது. 16,500 ரூபாயை அங்கேயே அனுப்பினேன்.

அறிக்கையில் மாதிரிகளின் உறிஞ்சல் மதிப்புகளும் கோட்டின் சமன்பாடும் இருந்தன:

```
y = 0.1847x + 0.0252
```

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டபோது, 0.018 உறிஞ்சல் காட்டிய மாதிரிக்கு −0.04 மில்லிகிராம் என்று விடை வந்தது. இப்படி ஒன்பது மாதிரிகளில் இரும்பு பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "மைனஸ் வந்தா பூஜ்ஜியம்னு போட்டுக்கோங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார்கள்.

அதன் பிறகுதான், கோடு போடப் பயன்படுத்திய, இரும்பின் அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசல்களின் மூல மதிப்புகளைக் கேட்டு வாங்கினேன். 0, 1, 2, 4, 6, 8, 10 மில்லிகிராமுக்கு முறையே 0.000, 0.199, 0.397, 0.789, 1.169, 1.523, 1.826. முதல் நான்கு புள்ளிகளில் மில்லிகிராமுக்கு 0.2 என்ற கணக்கு அப்படியே ஓடுகிறது. ஆறிலிருந்து கோடு தளர்கிறது; பத்தில் 2.0 வர வேண்டிய இடத்தில் 1.826 நிற்கிறது. இந்த வளைந்த புள்ளிகளின் மேல் ஒரு நேர்கோட்டை வலிந்து பொருத்தினால் சாய்வு குறைந்து, கோட்டின் அடி 0.025 மேலே தூக்கிக்கொள்கிறது. குறைவான இரும்புள்ள மாதிரிகளை எல்லாம் கெடுத்தது அந்த 0.025தான். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதிப் பார்த்தால், இரண்டு முனைகளிலும் கழித்தல் குறி, நடுவில் முழுக்கக் கூட்டல் குறி. உண்மையான நேர்கோட்டில் இந்தக் குறிகள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும். இத்தனை வளைவுக்கும் R² 0.998 தான் வருகிறது, நானே கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன்.

நேரில் போனேன். உரிமையாளர் இல்லை, ஆய்வக உதவியாளர் மட்டும் இருந்தார், நல்ல மனிதர். 10 மில்லிகிராம் கரைசலில் நிறம் வந்தபின் அதை வாலைவடி நீரால் சரிபாதியாக நீர்க்கச் செய்து படித்துக் காட்டும்படி கேட்டேன். முதலில் 1.826, நீர்த்தபின் 0.981. அதை இரட்டித்தால் 1.962. நிறம் முழுமையாக வந்திருக்கிறது, கருவிதான் அதைப் படிக்கத் திணறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வினைபொருள் போதாமல் நிறம் குறைந்திருந்தால், வந்த நிறத்தை நீர்க்கச் செய்யும்போது சரிபாதி, அதாவது 0.913 மட்டுமே வந்திருக்கும். அந்தக் கருவிக்குள் அலையும் வேற்றொளி அரை சதவீதம் இருந்தாலே இந்த அளவு வளைவு வரும். உறிஞ்சல் 2 என்றால் மாதிரியைத் தாண்டி வருவதே ஒரு சதவீத ஒளிதானே!

கண்டறியும் எல்லை 0.01 எப்படி வந்தது என்று கேட்டபோது குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். இரும்பு சேர்க்காத ஒரே வெற்றுக் கரைசல், ஒரே குவெட், அதைக் கருவியிலிருந்து எடுக்காமலே பத்து முறை பொத்தானை அழுத்தி எடுத்த அளவுகள்: எல்லாம் 0.001க்கும் 0.003க்கும் இடையில். திட்ட விலக்கம் 0.0006. அதை σ ஆகவும் கோட்டின் சாய்வை S ஆகவும் 3.3σ/S என்ற சூத்திரத்தில் போட்டு 0.01 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது மின்னணு இரைச்சலின் அளவு மட்டுமே. அமிலத்திலும் வினைபொருளிலும் கண்ணாடிக் குடுவையிலும் ஒட்டியிருக்கும் இரும்பு ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுவது அதில் இல்லவே இல்லை. பிறகு நான் வேறொரு துறையின் கருவியில், பத்துக் குடுவைகளில் பத்து வெற்றுக் கரைசல்களைத் தனித்தனியாகத் தயாரித்துப் படித்தேன். 0.003 முதல் 0.015 வரை பரவின. திட்ட விலக்கம் 0.004. முதல் நான்கு புள்ளிகளின் சாய்வு 0.197ஐ வைத்தால் கண்டறியும் எல்லை 0.07 வருகிறது, அளந்து எண்ணாகச் சொல்லத்தக்க எல்லை 0.2 வருகிறது. கழித்தல் குறியில் வந்த அந்த 0.018 மாதிரியில் ஏறத்தாழ 0.085 மில்லிகிராம் இருக்கிறது. "இரும்பு உள்ளது, ஆனால் அளவிடத்தக்க எல்லைக்குக் கீழே" என்று மட்டுமே அதைப் பற்றி எழுத முடியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவர்களுடைய சொந்தக் கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவான எச்ச விலக்கத்தையே அதே சூத்திரத்தில் போட்டிருந்தால் கண்டறியும் எல்லை 0.58 என்று வந்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்த யாருக்கும் கோட்டில் ஏதோ கோளாறு என்று விளங்கியிருக்கும். மூன்று வழிகளில் எது சிறிய எண்ணைத் தருகிறதோ அதை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனையையும் இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பினேன். நான்கு நாட்கள் பதில் இல்லை. பிறகு, "கருவி தந்த எண்களைத்தான் தந்தோம்" என்றார்கள். மறுபடி கேட்டதற்கு, அளந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். நேற்று வந்த பதிலில், மறு ஆய்வு வேண்டுமானால் 6,000 ரூபாய் தனியே கட்ட வேண்டும் என்றும், மாதிரிகள் இப்போது தங்களிடம் இல்லை என்றும் இருந்தது. என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த 16,500 ரூபாய், கோடையில் வெயிலில் அலைந்து எடுத்த 42 மாதிரிகள், இரண்டும் போயின.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பணம் கட்டுவதற்கு முன் திட்டக் கரைசல்களின் மூல மதிப்புகளைக் கேளுங்கள். R² மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுக் கரைசல்களை எத்தனை குடுவைகளில் தயாரித்தார்கள் என்று கேளுங்கள். உறிஞ்சல் 1க்கு மேல் போன மாதிரியை நீர்க்கச் செய்து திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். மாதிரியில் பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.