கணக்கு மீட்பு: மின்னஞ்சலா, காப்புக் குறியீடா, காத்திருப்பா?

பத்தமடைப் பாய்களை நெய்பவர்களே வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க உதவும் ஒரு சிறிய வலைச் செயலியை எடுத்துக்கொள்வோம். நெய்பவரின் கணக்கில் அவருக்கு வந்த ஆர்டர்களும், பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். கடவுச்சொல்லை மறந்தவரை உள்ளே விடும் வழியிலேயே திருடனும் நுழைந்தால், அவன் முதலில் மாற்றுவது அந்த வங்கி எண்ணைத்தான்.

மின்னஞ்சல் வழி எளிது, செலவும் இல்லை. முப்பது நிமிடத்தில் காலாவதியாகிற, ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் இணைப்பை அனுப்பினால் போதும். பதிவாகாத முகவரியைத் தட்டினாலும் திரையில் அதே பதிலைக் காட்ட வேண்டும், இல்லையேல் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியார் சோதித்துப் பார்த்துவிடுவார்கள். ஆனால் அந்த அஞ்சல் பெட்டி யாருடைய கையில் இருக்கிறது என்பதை இணைப்பால் அறிய முடியாது. கைபேசி வாங்கிய அன்று கடைக்காரரோ அக்கா மகனோ திறந்து கொடுத்த முகவரியாக அது இருந்தால், அதன் கடவுச்சொல்லும் அவர்களிடமே இருக்கக்கூடும்.

காப்புக் குறியீடு பிறர் தயவை நாடாதது. `K7QM-2XPD` போன்ற பத்துக் குறியீடுகளைப் பதிவின்போதே கொடுத்து, அச்சிட்டோ எழுதியோ வைத்துக்கொள்ளச் சொல்லலாம். குழப்பும் எழுத்துகளை நீக்கிய 32 எழுத்துகளிலிருந்து எட்டைத் தேர்ந்தால் சுமார் 1.1 லட்சம் கோடி சேர்க்கைகள் வரும். தவறான முயற்சிகளுக்கு வரம்பு வைத்துவிட்டால் வலை வழியாக ஊகிப்பது நடவாது. தரவுத்தளமே களவுபோனால் கதை வேறு: குறியீட்டைத் திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றிவைக்கும் ஹேஷ் முறைகளில் வேகமான ஒன்றில் சேமித்திருந்தால் இத்தனை சேர்க்கைகளையும் ஒரு நல்ல கணினி சில நிமிடங்களில் சோதித்துவிடும் என்பதால், Argon2id போன்ற மெதுவான முறையே இங்கே பொருந்தும். இதன் உண்மையான பலவீனம் கணிதத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அது தொலையும், அல்லது அதே கைபேசியில் படமாக மட்டும் கிடந்து, கைபேசியோடு சேர்ந்து போகும்.

காத்திருப்பு என்பது மீட்பு கோரியபின் சில நாள் கழித்தே கணக்கைத் திறப்பது. இது மேற்சொன்ன இரண்டுக்கும் மாற்று என்று சிலர் கருதுவதுண்டு. நான் அப்படிக் கருதவில்லை. நாள் கடந்துவிட்டதால் மட்டும் கேட்டவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உரிமையாளர் மறுப்புச் சொல்ல அவகாசம் தருவதே காத்திருப்பின் ஒரே பணி. ஆகவே அறிவிப்பு அவரை எட்டாவிட்டால் எத்தனை நாளும் வீண்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அஞ்சல் பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஒருவர் திங்கட்கிழமை மீட்பு கோருகிறார். அறிவிப்பு அதே பெட்டிக்குப் போகிறது. அவர் அதை உடனே அழித்துவிடுகிறார். நுண்ணிய கோரையில் பட்டுப் பாய் நெய்யும் பெண்மணியோ ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆவதால் செயலியை அன்றாடம் திறப்பதில்லை. மூன்று நாள் காத்திருப்பு என்றால் வியாழக்கிழமை கணக்கு கைமாறிவிடும். அதனால் அறிவிப்பு குறுஞ்செய்தியாகவும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கைபேசித் திரையிலும் சென்றாக வேண்டும்; காலம் ஏழு நாளாக இருக்க வேண்டும்; அதன்பின் உள்ளே வந்தவரும் அடுத்த பதினான்கு நாள் வங்கி எண்ணை மாற்ற முடியாதபடி நிறுத்திவைக்க வேண்டும். குறுஞ்செய்தியை அறிவிக்க மட்டுமே பயன்படுத்தலாம், கணக்கைத் திறக்க அல்ல. துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படக்கூடும்.

மறுக்கும் உரிமையையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். குறியீட்டை மட்டும் வைத்து உண்மையான உரிமையாளர் கோரும்போது, அஞ்சல் பெட்டியைப் பிடித்துவைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் "இது நான் இல்லை" என்று அழுத்தி அவரை என்றென்றைக்கும் வெளியே நிறுத்தலாம். எனவே உள்நுழைந்த கைபேசியிலிருந்து வரும் மறுப்பு கோரிக்கையை ரத்து செய்யட்டும். அஞ்சலிலிருந்து வருவது அதை நிறுத்திவைத்து, நிர்வாகியின் பார்வைக்கு அனுப்பட்டும். திருட்டுப் போன கைபேசியும் உள்நுழைந்தே இருக்கும் அல்லவா? அதற்காகத்தான் அஞ்சலும் குறியீடும் சேர்ந்து வந்தால் காத்திருப்பே இன்றித் திறந்து, மற்ற எல்லாக் கருவிகளையும் அக்கணமே வெளியேற்றுவது.

ஆக என் தேர்வு: இரண்டும் இருந்தால் உடனடி, ஒன்று மட்டும் இருந்தால் ஏழு நாள், இரண்டும் இல்லையென்றால் காத்திருப்பாலும் திறக்காது. ஏழு நாள் வெளியே நிற்பவர் நேர்மையானவராகவும் இருக்கலாம் என்பதால், அந்நாட்களில் அவருடைய ஆர்டர் கெடுவைத் தானாக நீட்டி, வாங்குபவருக்குத் தாமதத்தைத் தெரிவிப்பதும் இந்த வடிவமைப்பில் அடக்கம். எதுவும் கையில் இல்லாதவருக்கு நிர்வாகி, பதிவான வங்கிக் கணக்குக்கு ஒவ்வொன்றும் ஒரு ரூபாயும் சில பைசாவுமாக இரண்டு சிறு தொகைகளை அனுப்பி, பாஸ்புக்கில் ஏறிய பைசாவைக் கேட்கலாம். சரியாகச் சொன்னாலும் வங்கி எண் பூட்டு அவருக்கும் பதினான்கு நாள்தான்.